சப்டைட்டிலை அணைத்தும் எழுத்து போகவில்லையா? பதிந்த எழுத்தையும் தனி டிராக்கையும் பிரித்தறிவது எப்படி

ஒரு படத்தை விஎல்சியில் போடுகிறோம். கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடுகிறது. மெனுவில் போய் அணைத்ததும் ஆங்கிலம் மறைந்துவிடுகிறது. ஆனால் தெலுங்கில் பேசும் ஒரு காட்சி வரும்போது மஞ்சள் நிறத்தில் தமிழ் வரி ஒன்று வந்து நிற்கிறது. திரும்பத் திரும்ப அணைத்தாலும் அது அசைவதில்லை. பிளேயரில் கோளாறு என்று நினைத்து வேறு பிளேயரை இறக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. "சப்டைட்டில் நீக்கும் மென்பொருள்" என்று தேடி நாள் முழுக்க அலைபவர்களும் உண்டு.

பிளேயரில் கோளாறு இல்லை. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் கோப்புக்குள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அதை நீக்க முடியுமா, முடிந்தால் எவ்வளவு சுத்தமாக முடியும் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

## கோப்புக்குள் என்ன இருக்கிறது

.mkv, .mp4 என்று முடியும் கோப்பு உண்மையில் ஒரு பெட்டி. அதற்குள் படம் ஒரு டிராக்காகவும் ஒலி இன்னொரு டிராக்காகவும் தனித்தனியாகக் கிடக்கின்றன. தமிழ் ஒலியும் இந்தி ஒலியும் ஒரே கோப்பில் வரும்போது இரண்டு ஒலி டிராக் இருக்கும். சப்டைட்டிலும் இப்படி இன்னொரு டிராக்காக உள்ளே இருக்கலாம்.

எழுத்து வடிவ சப்டைட்டில் டிராக்கில் இருப்பது இவ்வளவுதான்: எந்த நேரத்தில் தொடங்க வேண்டும், எப்போது மறைய வேண்டும், என்ன வரி. ஒரு முழுப் படத்துக்கான ஆங்கில வரிகள் பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கிவிடும். படம் ஓடும்போது பிளேயர் இந்த வரிகளைப் படித்து, தன்னிடம் உள்ள எழுத்துருவில் அப்போதைக்கப்போது படத்தின் மேல் வரைந்து காட்டுகிறது. கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தின் கண்ணாடி மேல் எழுதியது போல என்று வைத்துக்கொள்ளலாம். துடைத்தால் போய்விடும், அடியில் உள்ள படத்துக்கு ஒன்றும் ஆகாது. இதைத்தான் சாஃப்ட்சப் என்கிறார்கள்.

பதிந்த சப்டைட்டில், அதாவது ஹார்ட்சப், கண்ணாடியில் இல்லை, படத்தாளிலேயே இருக்கிறது. வீடியோவைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமிலும் எழுத்து விழும் இடத்தில் இருந்த பிக்ஸல்களின் மதிப்பை மாற்றி எழுதிவிடுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு நடிகரின் நீலச் சட்டை இருந்திருந்தால் நீலத்துக்கான எண் போய், வெள்ளைக்கான எண் வந்து உட்கார்ந்துவிடும். பழைய எண்ணை யாரும் எங்கும் எடுத்து வைப்பதில்லை. எனவே பதிந்த எழுத்துக்கு அடியில் இருந்த படம் அந்தக் கோப்பில் ஒளிந்திருக்கவில்லை, அது அங்கே இல்லவே இல்லை. நீக்குவது பற்றிய எல்லாக் கேள்விக்கும் விடை இங்கிருந்துதான் வருகிறது.

இந்தியப் படங்களில் நாம் தினமும் பார்க்கும் பதிந்த எழுத்து ஒன்று உண்டு. புகைபிடிக்கும் காட்சியில் திரையின் அடியில் வரும் எச்சரிக்கை வாசகம். 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி சேர்க்கப்படுவது. இது வழக்கமாகப் படத்தோடு சேர்த்தே பதியப்படுகிறது. சப்டைட்டில் பொத்தானை அணைத்தால் அது போகாததற்குக் காரணம் இதுதான்.

## எது எது என்று கண்டுபிடிக்க

எளிய சோதனையிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விடை கிடைத்துவிடும்.

1. அணைத்துப் பாருங்கள். விஎல்சியில் Subtitle மெனுவுக்குள் Sub Track, அதில் Disable. எழுத்து மறைந்தால் அது பதிந்தது இல்லை. மறையாவிட்டால் அடுத்த சோதனை.

2. நேரத்தை நகர்த்துங்கள். விஎல்சியில் H விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சப்டைட்டில் 50 மில்லிநொடி தள்ளிப் போகும், G விசை முன்னால் இழுக்கும். நாற்பது தடவை அழுத்தினால் இரண்டு நொடி. வாய் அசைந்து முடித்த பிறகு வரி வந்தால் அது தனி டிராக். எவ்வளவு அழுத்தினாலும் எழுத்து பழைய இடத்திலேயே வந்தால் அது படத்தின் பகுதி.

3. நிறுத்தி, எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். தரம் குறைந்த 360p வீடியோவை முழுத்திரையில் போட்டால் முகங்கள் கலங்கித் தெரியும். தனி டிராக்கில் உள்ள எழுத்து வடிவ சப்டைட்டில் அப்போதும் கூர்மையாக இருக்கும், ஏனென்றால் பிளேயர் அதைத் திரையின் அளவுக்குப் புதிதாக வரைகிறது. பதிந்த எழுத்தோ படத்தோடு சேர்ந்தே கலங்கும். அதைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல ஒரு அழுக்குப் படலமும் தெரியும். வீடியோவைச் சுருக்கும்போது கூர்மையான ஓரங்களைச் சுற்றி உண்டாகும் பிசிறு அது.

4. தமிழ் எழுத்து உடைகிறதா என்று கவனியுங்கள். தமிழ் வரிகளுக்கு மட்டும் உதவும் அடையாளம் இது. "கொ" என்று வர வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பு இடம் மாறியோ, புள்ளி வட்டத்தோடு பிரிந்தோ, வெறும் கட்டங்களாகவோ ஒரு கருவியில் மட்டும் தெரிந்தால் உங்கள் கருவி அந்த வரியை இப்போது வரைய முயன்று தோற்கிறது என்று பொருள். அப்படியானால் அது தனி டிராக்தான். பதிந்த எழுத்து ஒரு கருவியில் சரியாகவும் இன்னொன்றில் உடைந்தும் தெரியாது. டிவியில் தமிழ் உடைகிறது என்பதற்காகவே பலர் சப்டைட்டிலைப் பதித்துத் தருகிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோப்பைக் கணினியில் நேரடியாகத் திறந்து சோதியுங்கள். வீட்டில் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மீடியா சர்வர் வழியாக டிவியில் பார்க்கிறவர்கள் இதில் ஏமாறுவதுண்டு. டிவியால் வரைய முடியாத சப்டைட்டிலை அந்த சர்வரே ஓடும்போது படத்தில் பதித்து அனுப்பும். டிவிக்கு வருவது பதிந்த படம், ஆனால் மூலக் கோப்பு சுத்தமாகவே இருக்கும்.

அப்புறம், கோப்புக்கு வெளியே இருக்கும் சப்டைட்டிலையும் மறந்துவிடக் கூடாது. padam.mkv பக்கத்தில் padam.srt என்று ஒரு கோப்பு இருந்தால் விஎல்சி தானாகவே அதை எடுத்துக் காட்டும். இதை நீக்க வீடியோவைத் தொடவே வேண்டாம். அந்த srt கோப்புக்கு வீடியோவின் பெயர் வராத வேறு பெயர் வைத்தால் போதும்.

## ஒரு கோப்பைத் திறந்து பார்ப்போம்

முதலில் சொன்ன படத்துக்கே வருவோம். ffmpeg என்ற இலவசத் தொகுப்போடு வரும் ffprobe, பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும்.

```
ffprobe -hide_banner padam.mkv
```

நிறைய வரிகள் வரும். Stream என்று தொடங்குபவை மட்டும் நமக்குப் போதும்.

```
Stream #0:0: Video: h264, yuv420p, 1920x1080
Stream #0:1(tam): Audio: aac, stereo
Stream #0:2(tel): Audio: aac, stereo
Stream #0:3(eng): Subtitle: subrip (default)
Stream #0:4(eng): Subtitle: hdmv_pgs_subtitle
```

ஒரு படம், இரண்டு ஒலி, இரண்டு சப்டைட்டில். இரண்டு சப்டைட்டிலும் ஆங்கிலம். தமிழ் சப்டைட்டில் என்று எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் திரையில் மஞ்சள் தமிழ் வரி வருகிறது, பக்கத்தில் srt கோப்பும் இல்லை. அப்படியானால் அது #0:0 என்ற படத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழ் வரி பதிந்தது, ஆங்கில வரி தனி டிராக். ஒரே கோப்பில் இரண்டும் இருப்பது வெகு சாதாரணம். அதனால் "இந்தக் கோப்பு ஹார்ட்சப்பா, சாஃப்ட்சப்பா" என்று கேட்பதைவிட "இந்த வரி எங்கே இருக்கிறது" என்று கேட்பதே சரி.

பட்டியலில் default என்று இருப்பது, இந்த டிராக்கைத் தானாகக் காட்டு என்று பிளேயருக்குத் தரும் குறிப்பு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆங்கிலம் தானாக வருவது இதனால்தான்.

கடைசி வரியில் உள்ள hdmv_pgs_subtitle பலரைக் குழப்பும். இது புளூ-ரே தட்டுகளில் வரும் வகை. இதில் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் சிறு சிறு படங்களாக இருக்கும். பெரிதாக்கினால் இதுவும் சற்றுக் கலங்கும், எழுத்துருவை மாற்ற முடியாது. அதைப் பார்த்து "இது பதிந்தது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். படமாக இருந்தாலும் அது தனி டிராக்கில் இருக்கும் படம். அணைத்தால் போகும், நீக்கவும் முடியும். மேலே சொன்ன மூன்றாவது சோதனையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

## தனி டிராக்: இழப்பே இல்லாமல் நீக்கலாம்

எல்லா சப்டைட்டில் டிராக்கையும் எடுத்துவிட இந்த ஒரு கட்டளை போதும்.

```
ffmpeg -i padam.mkv -map 0 -map -0:s -c copy sutham.mkv
```

`-map 0` என்றால் எல்லாவற்றையும் எடு. `-map -0:s` என்றால் அதிலிருந்து சப்டைட்டிலைக் கழி. `-c copy` என்பது முக்கியமானது. படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்காமல் அப்படியே எடுத்துப் புதுப் பெட்டியில் வை என்கிறது அது. தரம் துளியும் குறையாது. இரண்டரை மணி நேரப் படமானாலும், கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும் நேரம்தான் ஆகும்.

இணையத்தில் பலர் `-sn` என்ற சிறிய வழியைச் சொல்கிறார்கள். அதுவும் சப்டைட்டிலை நீக்கும். ஆனால் `-map` இல்லாமல் கட்டளை கொடுத்தால் ffmpeg ஒரு படம், ஒரு ஒலி மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். நம் கோப்பில் இரண்டு ஒலி இருக்கின்றன. சப்டைட்டிலை நீக்கப் போய் ஓர் ஒலி டிராக்கையும் இழந்துவிடுவோம், அதுவும் பழைய கோப்பை அழித்த பிறகுதான் தெரியவரும். மூலத்தை அழிக்கும் முன் புதுக் கோப்பையும் ஒரு முறை ffprobe-இல் போட்டு ஒலி டிராக்குகளை எண்ணிப் பாருங்கள்.

நீக்கும் முன் வரிகளை வெளியே எடுத்து வைப்பது நல்லது. பின்னால் தேவைப்பட்டால் அது கையில் இருக்கும்.

```
ffmpeg -i padam.mkv -map 0:s:0 angilam.srt
```

இங்கே `0:s:0` என்பது முதல் சப்டைட்டில் டிராக். இரண்டாவது, படவகை டிராக்கை srt ஆக எடுக்க முடியாது, உள்ளே எழுத்தே இல்லையே. அதை `-map 0:s:1 -c copy angilam.sup` என்று படமாகவே எடுத்து வைக்கலாம்.

உண்மையில் பலருக்குத் தேவைப்படுவது நீக்குவது இல்லை, தானாக வராமல் இருப்பதுதான். அதற்கு default குறிப்பை மட்டும் எடுத்தால் போதும். எம்கேவிடூல்நிக்ஸ் தொகுப்பில் உள்ள கருவி இதைக் கோப்பை மறுபடி எழுதாமலேயே நொடியில் செய்துவிடும்.

```
mkvpropedit padam.mkv --edit track:s1 --set flag-default=0
```

என் பரிந்துரை இதுதான். வரிகள் அங்கேயே இருக்கும், வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம். 100 கேபியை நீக்குவதால் இடமும் மிச்சமாகப் போவதில்லை. கட்டளை தட்டப் பிடிக்காதவர்கள் எம்கேவிடூல்நிக்ஸின் சாளரத்தில் கோப்பை இழுத்துப் போட்டு, வேண்டாத டிராக்கின் டிக்கை எடுத்துவிட்டுப் புதுக் கோப்பாகச் சேமிக்கலாம்.

## பதிந்த எழுத்து: என்ன கிடைக்கும், எதை இழப்போம்

இப்போது அந்த மஞ்சள் வரிக்கு வருவோம். அடியில் இருந்த படம் கோப்பில் இல்லை என்று பார்த்தோம். ஆகவே எந்தக் கருவியும் அதை மீட்டுத் தராது. வெட்டலாம், மறைக்கலாம், இல்லை அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பலாம். மூன்றுக்கும் பொதுவாகப் படத்தை மறுபடி சுருக்க வேண்டியிருக்கும். நேரம் பிடிக்கும், தரமும் கொஞ்சம் இறங்கும்.

வெட்டுவது. இதில் மட்டும் சில சமயம் முழு வெற்றி கிடைக்கும். எழுத்து படத்தின் மேல் விழாமல், மேலும் கீழும் உள்ள கருப்புப் பட்டையில் விழுந்திருந்தால், பட்டையோடு அதை வெட்டி எறியலாம். நம் கோப்பு 1920x1080. அதற்குள் படம் அகலத்திரை விகிதத்தில் 1920x816 அளவில் இருக்கிறது. மீதி 264 பிக்ஸல் வரிகளில் மேலே 132, கீழே 132 கருப்பு.

```
ffmpeg -i padam.mkv -map 0:v -map 0:a -vf crop=1920:816:0:132 -c:v libx264 -crf 18 -c:a copy vettiyathu.mkv
```

கருப்புப் பட்டையின் அளவைக் கண்டுபிடிக்க ffmpeg-இல் `cropdetect` என்ற வடிகட்டி உண்டு. பதிந்த சப்டைட்டில் வரும் இடத்தில் அதை ஓட்டினால் எழுத்தையும் படம் என்று எண்ணிக்கொண்டு தவறான அளவைச் சொல்லும். வசனம் இல்லாத, வெளிச்சமான ஒரு காட்சியில் ஓட்ட வேண்டும்.

வெட்டும் முன் இரண்டு வரி வசனம் வரும் ஓர் இடத்தையும் தேடிப் பாருங்கள். ஒற்றை வரி பட்டைக்குள் அடங்கியிருக்கும், இரண்டு வரி வரும்போது மேல் வரி படத்தில் ஏறியிருக்கும். நம் மஞ்சள் வரிகள் அப்படித்தான் இருந்தன. ஒற்றை வரிகள் முழுதாகப் போயின, இரண்டு வரி வந்த இடங்களில் மேல் வரி மிஞ்சியது. அதையும் வெட்ட வேண்டுமானால் படத்தின் அடியையே வெட்ட வேண்டும். நடிகர்களின் கையும் மேசையும் போய்விடும். அது தேவையா என்பது உங்கள் முடிவு. நான் செய்ய மாட்டேன்.

மறைப்பது. வேறு மொழியில் சப்டைட்டில் போட விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. பழைய வரி வரும் இடத்தில் கருப்புப் பட்டை வரைந்து, அதன் மேல் புது வரியைக் காட்டுவது. அழகாக இருக்காது, ஆனால் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படிக்க முடியாமல் போவதற்கு இது மேல்.

ஊகித்து நிரப்புவது. ffmpeg-இல் உள்ள `delogo` வடிகட்டி, நாம் சொல்லும் செவ்வகத்தின் நான்கு ஓரங்களிலும் உள்ள நிறங்களை எடுத்து உள்ளே இழுத்துத் தேய்க்கிறது. சுவர், வானம் போன்ற இடங்களில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. முகத்தின் மேலோ கட்டம் போட்ட சேலையின் மேலோ விழுந்தால் ஈரத்துணியால் துடைத்த ஓவியம் போல ஒரு கறை தெரியும். எழுத்தைச் சுற்றிப் பிசிறு உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் செவ்வகத்தை எழுத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே எடுக்க வேண்டும். அளவாக எடுத்தால் எழுத்தின் நிழல் மிஞ்சும்.

இதைவிட நுட்பமான கருவிகள் பக்கத்து ஃப்ரேம்களிலிருந்து கடன் வாங்குகின்றன. ஒரு வரி திரையில் நிற்பது சில நொடிகள்தான். கேமரா நகராமல், பின்னணியும் அசையாமல் இருந்தால் வரி வருவதற்கு முந்தைய ஃப்ரேமில் அந்த இடம் முழுதாகத் தெரியும். அதை எடுத்து ஒட்டினால் நிஜமான படமே கிடைக்கும். ஆனால் வசனம் வரும்போதுதான் சப்டைட்டில் வருகிறது, வசனம் பேசும்போது ஆட்கள் அசைகிறார்கள். வரிக்கு அடியில் ஒரு கை ஆடினால் அந்தக் கை அந்த நொடியில் எப்படி இருந்தது என்பது எந்த ஃப்ரேமிலும் இல்லை. கருவி கற்பனையாக ஒன்றை வரையும். நிறுத்திப் பார்த்தால் சரியாக இருக்கும், ஓடவிட்டால் அந்தப் பகுதி மட்டும் நெளியும். ஒரு மாதிரி நொடியை ஓடவிட்டுப் பார்த்த பிறகே முழுப் படத்தையும் கொடுங்கள்.

பதிந்த எழுத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அது இல்லாத வேறு பிரதியைத் தேடுவது பெரும்பாலும் விரைவில் முடியும். நண்பரோ உறவினரோ தயாரித்த கல்யாண வீடியோ, குறும்படம் என்றால் எழுத்துச் சேர்ப்பதற்கு முந்தைய கோப்பு அவர்களிடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

## பட்டியலில் வராமலே அணைக்கக்கூடியது

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த கோப்புகளில் வசன எழுத்துகள் தனி டிராக்காக இல்லாமல், பட டிராக்கின் தரவுக்குள்ளேயே துணைத் தகவலாகச் செருகப்பட்டிருக்கும். பிக்ஸலில் பதிந்தவை அல்ல. ffprobe பட்டியலில் Subtitle என்று எதுவும் வராது, Video வரியின் நடுவில் `Closed Captions` என்ற சொல் மட்டும் தெரியும். மேலே சொன்ன `-map -0:s` இதைத் தொடாது. படம் h264 வகையாக இருந்தால் இப்படி நீக்கலாம்.

```
ffmpeg -i pathivu.ts -map 0 -c copy -bsf:v filter_units=remove_types=6 sutham.ts
```

இதுவும் மறுசுருக்கம் இல்லாத வேலைதான். வசன எழுத்தோடு அந்த வகைத் துணைத் தகவல் எல்லாமே போய்விடும் என்பதால் மூலக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

## நீக்கக்கூடியது நிரந்தரமாவது எப்போது

பல கோப்புகளில் எழுத்தை யாரும் வேண்டுமென்று பதித்திருக்க மாட்டார்கள். mkv கோப்பை mp4 ஆக மாற்றும்போது தெரியாமல் நடந்திருக்கும். எழுத்துவகை சப்டைட்டிலை mp4 பெட்டியில் தனி டிராக்காக வைக்க முடியும். புளூ-ரே படவகை சப்டைட்டிலை ஹேண்ட்பிரேக் மென்பொருள் mp4-இல் தனி டிராக்காக வைக்காது. ஒன்று விட்டுவிட வேண்டும், இல்லை பதிக்க வேண்டும். அதன் Subtitles பக்கத்தில் Burned In என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். மாற்றத் தொடங்கும் முன் அதைப் பாருங்கள். டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், அல்லது mp4-க்குப் பதில் mkv என்று தேர்ந்தெடுங்கள், mkv-யில் படவகையும் தனி டிராக்காகவே போய்ச் சேரும். ஏற்கெனவே மாற்றி எழுத்து பதிந்துவிட்டது என்றால், அந்த mp4-ஐ விட்டுவிட்டுப் பழைய mkv இன்னும் வன்தட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் அந்த வரி இப்போதும் தனி டிராக்காகத்தான் இருக்கும்.